காம்போவும் அளவுத் தள்ளுபடியும்: லாபம் கரையாமல் ஆர்டர் மதிப்பை உயர்த்தும் முழுமையான வழிகாட்டி

ஆன்லைனில் கடை நடத்துகிறவர்கள் சராசரி ஆர்டர் மதிப்பை உயர்த்த நினைத்தால் முதலில் செய்வது, "இரண்டு வாங்கினால் 10% தள்ளுபடி" என்று ஒரு பட்டையைத் தளத்தின் மேலே ஒட்டுவது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் சராசரி உயர்ந்திருக்கும், வங்கிக் கணக்கில் நிற்கும் பணம் குறைந்திருக்கும். சராசரி ஆர்டர் மதிப்பு என்பது விற்பனைத் தொகையை ஆர்டர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது, அவ்வளவுதான். அதில் லாபம் எங்கேயும் இல்லை.

ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றித்தான் நகரும்: இந்த ஆஃபர் இல்லாவிட்டால் இதே வாடிக்கையாளர் என்ன வாங்கியிருப்பார், அதில் நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்? அதைவிட ஒரு காசாவது கூடுதலாக மிஞ்சினால்தான் ஆஃபர் வேலை செய்கிறது என்று பொருள்.

உதாரணத்துக்கு நோட்டுப்புத்தகம், மைப்பேனா, மை புட்டி விற்கும் ஒரு கற்பனைக் கடையை எடுத்துக்கொள்கிறேன். எண்கள் எல்லாம் கணக்கைக் காட்டுவதற்காக வைத்தவை. உங்கள் நாணயத்தில் வாசித்துக்கொள்ளுங்கள். வரி தனி, இங்கே வரும் விலைகளில் அது சேரவில்லை.

## 1. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

நான்கு விஷயங்கள் இல்லாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

முதலாவது, ஒவ்வொரு பொருளின் அடக்க விலை. சப்ளையர் பில்லில் இருக்கும் தொகை மட்டும் போதாது. உங்கள் கிடங்குக்கு வந்து சேரும் வரை ஆன செலவும் சேர வேண்டும்.

இரண்டாவது, ஓர் ஆர்டரை அனுப்ப ஆகும் செலவு: பெட்டி, கூரியர், பணம் வாங்கித் தரும் நிறுவனத்தின் கட்டணம். கூரியர் கட்டணத்தைச் சராசரியாக எழுதாதீர்கள். எடைப் படிநிலையோடு அட்டவணையாக எழுதுங்கள். 500 கிராம் வரை எவ்வளவு, 1 கிலோ வரை எவ்வளவு, அதற்கு மேல் எவ்வளவு என்று. இதன் அருமை நான்காவது படியில் தெரியும்.

மூன்றாவது, ஒவ்வொரு பொருளின் எடை, பெட்டியின் எடை தனியாக. தராசில் வைத்துப் பாருங்கள். பொருள் பக்கத்தில் எப்போதோ யாரோ எழுதி வைத்த எடையை நம்ப வேண்டாம்.

நான்காவது, குறைந்தது மூன்று மாத ஆர்டர் பட்டியல். ஒரு வரிக்கு ஓர் ஆர்டர், எந்தப் பொருள், எத்தனை. பண்டிகை விற்பனையோ பெரிய தள்ளுபடியோ நடந்த நாட்களை அதிலிருந்து நீக்கிவிடுங்கள். அந்த நாட்களில் மக்கள் வாங்கிய விதம் மற்ற நாட்களுக்குப் பொருந்தாது.

## 2. ஓர் ஆர்டரில் மிஞ்சுவதைக் கணக்கிடுங்கள்

சதவீத மார்ஜினை விட்டுவிடுங்கள். ஓர் ஆர்டர் கிளம்பிப் போன பிறகு கையில் எவ்வளவு நிற்கிறது என்பதுதான் வேண்டும். இதை இனி "மிச்சம்" என்றே சொல்கிறேன். வாடகை, சம்பளம் போன்றவை இதில் வராது. ஓர் ஆர்டர் கூடினாலும் குறைந்தாலும் அவை மாறுவதில்லை.

நம் கடையின் நோட்டு 200க்கு விற்கிறது, அடக்கம் 90, எடை 220 கிராம். பெட்டி 10. கூரியர் 500 கிராம் வரை 50, 1 கிலோ வரை 75, அதற்கு மேல் இன்னும் ஏறும். கூரியரைக் கடைதான் கட்டுகிறது. பணக் கட்டணம் 2%. விரிதாளில் இப்படிப் போடலாம்:

```
=B2*(1-0.02)-C2-D2
```

B2 வாடிக்கையாளர் கட்டும் மொத்தம், C2 பொருட்களின் அடக்கம், D2 பெட்டியும் கூரியரும்.

ஒரு நோட்டு போனால்: 200லிருந்து 4, 90, 60 போக மிச்சம் 46. இரண்டு நோட்டு போனால்: 400லிருந்து 8, 180, 60 போக 152. பொருள் இரு மடங்கானது, மிச்சம் மூன்று மடங்குக்கு மேல் போனது. காரணம் எளிது. இரண்டாவது நோட்டுக்குப் பெட்டியும் வேண்டாம், கூரியரும் ஏறவில்லை.

அளவுத் தள்ளுபடி கொடுக்க முடிவதே இதனால்தான். மார்ஜினில் கை வைத்துக் கொடுக்கும் சலுகை அல்ல அது. இரண்டாவது பெட்டி கட்டாமல் மிஞ்சியதில் ஒரு பங்கை வாங்குபவருக்குத் தருகிறோம். எவ்வளவு மிஞ்சியது என்று தெரியாமல் பங்கு பிரிக்கப் போகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

மூன்று நோட்டு 660 கிராம், பெட்டியோடு 710. கூரியர் 75 ஆகிறது. மிச்சம் 233. நான்கு நோட்டு பெட்டியோடு 930 கிராம், கூரியர் அதே 75. மிச்சம் 339. ஐந்தாவது நோட்டு சேர்ந்தால் 1 கிலோவைத் தாண்டிவிடும்.

## 3. யார் எத்தனை வாங்குகிறார்கள் என்று எண்ணுங்கள்

பெரும்பாலோர் தாண்டிப் போகும் படி இது. சராசரி 314 என்று தெரிந்ததும், "சரி, 350க்கு மேல் வாங்கினால் சலுகை" என்று முடிவு செய்துவிடுகிறார்கள். ஆனால் 314க்கு வாங்கியவர் ஒருவர்கூட அந்தக் கடையில் இல்லை.

ஆர்டர் பட்டியலில் அந்த ஒரு பொருளை மட்டும் வாங்கிய வரிகளைத் தனித் தாளில் பிரித்தெடுத்து, எண்ணிக்கை இருக்கும் C பத்தியைப் பிடித்து எண்ணுங்கள்:

```
=COUNTIF(C:C,1)
=COUNTIF(C:C,2)
```

இப்படியே 3, 4 வரை. நம் உதாரணத்தில் நோட்டு மட்டும் வாங்கிய 100 ஆர்டர்களில் 62 பேர் ஒன்று வாங்கினார்கள், 24 பேர் இரண்டு, 9 பேர் மூன்று, 5 பேர் நான்கு. மொத்தம் 157 நோட்டு, விற்பனை 31,400, அதனால் சராசரி 314. மிச்சம் எல்லாம் சேர்த்து 10,292.

இந்த நான்கு எண்ணிக்கைகளைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். யார் எந்தச் சலுகையும் இல்லாமல் ஏற்கெனவே அதிகம் வாங்குகிறார் என்பதை இவைதான் சொல்கின்றன. அவர்களுக்குப் போகும் தள்ளுபடி முழுக்க நம் பையிலிருந்து போவது.

## 4. தள்ளுபடிப் படியை எங்கே வைப்பது

இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். இரண்டு திட்டங்களை ஒப்பிடுவோம். இரண்டிலும் தள்ளுபடி 10% தான். படி இருக்கும் இடம் மட்டும் வேறு.

திட்டம் ஒன்று: இரண்டு அல்லது அதற்கு மேல் வாங்கினால் 10%.

இரண்டு வாங்குகிறவர் இப்போது 360 கட்டுகிறார். நமக்கு மிச்சம் 152 அல்ல, 112.80. மூன்று வாங்குகிறவரிடம் 174.20, நான்கு வாங்குகிறவரிடம் 260.60. இந்த 38 பேரும் சலுகை இல்லாமலே வாங்கியவர்கள். அவர்களுக்குச் சும்மா கொடுத்தது எவ்வளவு? இரண்டு வாங்கிய 24 பேருக்குத் தலைக்கு 39.20, மூன்று வாங்கிய 9 பேருக்கு 58.80, நான்கு வாங்கிய 5 பேருக்கு 78.40. கூட்டினால் 1,862.

ஒன்று வாங்குகிற ஒருவர் இரண்டுக்கு நகர்ந்தால் மிச்சம் 46லிருந்து 112.80 ஆகிறது, அதாவது 66.80 கூடுதல். 1,862ஐ ஈடுகட்ட 28 பேர் நகர வேண்டும். 62 பேரில் 28 பேர். ஒரே ஒரு நோட்டுக்காக வந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேரை ஒரு பட்டையால் நகர்த்த முடியும் என்று நான் நம்ப மாட்டேன். அத்தனை பேர் நகர்ந்தாலும் பழைய இடத்துக்குத்தான் வந்திருப்போம், லாபம் அதற்குப் பிறகுதான்.

திட்டம் இரண்டு: நான்கு வாங்கினால் 10%.

சும்மா போவது ஏற்கெனவே நான்கு வாங்கும் 5 பேருக்கு மட்டும்: 392. இரண்டு வாங்குகிறவர் நான்குக்கு நகர்ந்தால் 152லிருந்து 260.60, கூடுதல் 108.60. அந்த 24 பேரில் 4 பேர் நகர்ந்தாலே ஈடாகிவிடும். அதற்கு மேல் வரும் ஒவ்வொருவரும் லாபம். மூன்று வாங்குகிறவர் நகர்ந்தால் கூடுதல் 27.60 தான் என்றாலும் அதிலும் நட்டமில்லை.

அதே 10%தான். ஒன்றில் 28 பேர் நகர வேண்டும், இன்னொன்றில் 4 பேர். தள்ளுபடி எவ்வளவு என்று யோசிப்பதற்கு முன் எத்தனைக்கு என்று யோசிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

நான்கைத் தேர்ந்தெடுத்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, அங்கே ஏற்கெனவே வாங்குகிறவர்கள் குறைவு, ஆனால் அதற்குக் கீழே ஒரு நல்ல கூட்டம் இருக்கிறது. இரண்டு, 930 கிராமில் கூரியர் படிநிலையை ஏறக்குறைய நிரப்பிவிடுகிறோம். ஐந்தில் வைத்திருந்தால் அந்த ஐந்தாவது நோட்டு அடுத்த கூரியர் கட்டணத்தையும் இழுத்துக்கொண்டு வந்திருக்கும். எடை அட்டவணையைப் பார்க்காமல் "5 வாங்கினால், 10 வாங்கினால்" என்று உருண்டை எண்களில் படி வைப்பது அடிக்கடி பார்க்கும் தவறு.

ஒரு நிபந்தனை. இரண்டிலிருந்து நான்கு என்பது பெரிய தாவல்தான். நான்கு தேவைப்படாத பொருளாக இருந்தால் யாரும் நகர மாட்டார்கள். தீர்ந்துபோகும் பொருள், பகிர்ந்துகொள்ளும் பொருள், நிறம் மாற்றி வாங்கும் பொருள் ஆகியவற்றுக்கு இது பொருந்தும். மேசை விளக்குக்குப் பொருந்தாது. அங்கே காம்போதான் வழி.

## 5. அடுத்த மாத ஆர்டரை இன்றே இழுத்துக்கொள்கிறோமா?

தீர்ந்துபோகும் பொருள் என்றேன். அங்கேதான் இன்னொரு பள்ளமும் இருக்கிறது. ஒருவர் வழக்கமாக இரண்டு நோட்டு வாங்கி, இரண்டு மாதத்தில் திரும்பி வந்து இன்னும் இரண்டு வாங்குகிறவராக இருக்கலாம். அந்த இரண்டு ஆர்டர்களிலும் மிச்சம் 152 வீதம் 304. இப்போது நம் ஆஃபரைப் பார்த்து நான்கை ஒரேயடியாக வாங்கிவிட்டார், மிச்சம் 260.60. சராசரி ஆர்டர் மதிப்பு 400லிருந்து 720க்கு ஏறியிருக்கும். நாம் 43.40 இழந்திருப்போம்.

இதைக் கண்டுபிடிக்க, ஒரே வாடிக்கையாளர் அதே பொருளுக்குத் திரும்பி வரும் இடைவெளியைப் பாருங்கள். பெரும்பாலோர் திரும்பியே வருவதில்லை என்றால் 10% கொடுக்கலாம். வழக்கமாகத் திரும்பி வருகிறார்கள் என்றால் தள்ளுபடியைக் குறைக்க வேண்டும். எவ்வளவு குறைப்பது? நான்கு நோட்டை முழு விலைக்கு ஒரே ஆர்டரில் அனுப்பினால் மிச்சம் 339, இரண்டு ஆர்டராக அனுப்பினால் 304. வித்தியாசம் 35. நாம் கொடுக்கக்கூடிய உச்சம் அதுதான், 800க்கு ஏறக்குறைய 4.5%. 4% கொடுத்தால் விலை 768, மிச்சம் 307.64. இரண்டு ஆர்டரைவிட மூன்றரை கூடுதல், பணமும் முன்கூட்டியே வந்துவிடுகிறது.

4% என்பது பட்டையில் எழுதினால் கண்ணில் படாது. அப்படியானால் சதவீதமாக எழுதாமல் "நான்கு நோட்டு 768" என்று ஒரே விலையாகக் காட்டுங்கள். அதற்கும் யாரும் நகரவில்லையா, அந்தப் பொருளுக்கு அளவுத் தள்ளுபடி வேண்டாம் என்று விட்டுவிடலாம். எல்லாப் பொருளுக்கும் ஆஃபர் போட்டே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

## 6. ஒன்றுக்கு மேல் படி வைத்தால் விலை தலைகீழாகிறதா என்று பாருங்கள்

நான்குக்கு 10%, பத்துக்கு 20% என்று இரண்டு படி வைக்கிறீர்கள் என்று வையுங்கள். ஒன்பது நோட்டு 1,620. பத்து நோட்டு 1,600. ஒன்று கூட வாங்கினால் மொத்தமே குறைகிறது! ஒன்பது வாங்க வந்தவர் பத்து வாங்கி, நமக்கு ஒரு நோட்டின் அடக்கமும் 20 வருமானமும் நட்டம்.

ஒவ்வொரு படிக்கும் முந்தைய எண்ணிக்கையின் மொத்த விலையை எழுதிப் பார்த்தால் இது தெரிந்துவிடும். வெறுமனே மொத்தம் ஏறினால் மட்டும் போதாது. கடைசியாகச் சேரும் ஒரு நோட்டுக்கு வாடிக்கையாளர் கட்டும் தொகை, அதன் அடக்கத்தையும் கூடுதல் கூரியரையும் தாண்ட வேண்டும். தாண்டவில்லை என்றால் தள்ளுபடியைக் குறையுங்கள், அல்லது அந்தப் படிக்கு மேல் வாங்கும் பொருட்களுக்கு மட்டும் சலுகை என்று மாற்றுங்கள்.

## 7. காம்போவுக்குப் பொருட்களைத் தேர்ந்தெடுப்பது

காம்போ என்றதும் பலர் செய்வது, விற்காமல் கிடக்கும் சரக்கை நன்றாக ஓடும் பொருளோடு சேர்த்துக் கட்டுவது. வேண்டாம். வாடிக்கையாளர் அந்தச் சரக்குக்கு மதிப்பே போடமாட்டார், ஓடும் பொருளுக்குத் தள்ளுபடி கொடுத்ததாகத்தான் அது முடியும். தேங்கிய சரக்கைத் தனியாகக் கழிவு விலையில் தள்ளுங்கள்.

ஆர்டர் பட்டியலில் பேனா வாங்கியவர்களை மட்டும் பிரித்தெடுத்து, கூட என்ன வாங்கினார்கள் என்று பாருங்கள். 100 பேனா ஆர்டர்களில் 70 பேர் பேனா மட்டும், 20 பேர் பேனாவும் மையும், 6 பேர் பேனாவும் நோட்டும், 4 பேர் மூன்றும் வாங்கியிருக்கிறார்கள் என்று வைப்போம்.

கூட வாங்குகிறவர் யாருமே இல்லாத பொருள் காம்போவில் சேர்ந்தால் சுமை. கிட்டத்தட்ட எல்லோருமே கூட வாங்கும் பொருளுக்குக் காம்போ போட்டால் சலுகை வீண். நடுவில் இருக்கிற பொருள்தான் வேண்டும்: சிலருக்குப் பொருத்தம் என்று நிரூபணமாகிவிட்டது, பலருக்கு இன்னும் தோன்றவில்லை. நம் பட்டியலில் மை அப்படிப்பட்டது. அதன் மார்ஜினும் நல்லது: விலை 250, அடக்கம் 90. தள்ளுபடியின் பாரத்தைத் தாங்க இப்படி ஒரு பொருள் உள்ளே இருக்க வேண்டும். பேனா விலை 500, அடக்கம் 300, அதனால் அதிகம் தாங்க முடியாது.

தனித்தனியாக வாங்கும் வழியையும் திறந்தே வையுங்கள். காம்போவாக மட்டும் விற்றால், ஏற்கெனவே வீட்டில் மை வைத்திருப்பவர் பேனாவும் வாங்காமல் போய்விடுவார்.

## 8. காம்போ விலைக்கு ஒரு தரை போடுங்கள்

பேனா, மை, நோட்டு மூன்றும் தனியாக 950. வழக்கமாகப் போடும் விலை, கண்ணுக்கு அழகான 850. பேனா மட்டும் விற்றால் மிச்சம் 130, காம்போவில் 268 என்று கணக்குப் போட்டுவிட்டு எல்லோரும் மகிழ்ந்துவிடுகிறார்கள்.

ஆனால் அந்தக் காம்போவுக்கு முதலில் தாவப்போவது யார்? பேனா மட்டும் வாங்க வந்தவர் இன்னும் 350 கூடக் கொடுக்க வேண்டும். பேனாவும் மையும் எடுத்து 750 கட்டத் தயாராக இருக்கிறவருக்கு 100 தான் வித்தியாசம். அவர்தான் பக்கத்தில் நிற்கிறார். அவரிடம் நமக்கு ஏற்கெனவே மிஞ்சுவது எவ்வளவு? பேனா 80 கிராம், மை 200 கிராம், பெட்டி சேர்த்தும் 500க்குள். 750லிருந்து 15, 390, 60 போக 285. காம்போவில் நோட்டு சேர்ந்ததும் எடை 550 கிராம் ஆகி, கூரியர் 75. ஆக 850லிருந்து 17, 480, 85 போக 268.

நூறு கூடுதலாக விற்றோம், பதினேழு குறைவாகச் சம்பாதித்தோம். ஆர்டர் மதிப்பு வரைபடத்தில் இது வெற்றியாகத்தான் தெரியும், அதனால்தான் மாதக்கணக்கில் யாரும் கவனிப்பதில்லை.

எனவே தரையை இப்படிப் போடுங்கள்: காம்போவில் இருக்கும் பொருட்களிலேயே, மக்கள் வழக்கமாகச் சேர்த்து வாங்கும் மிகப் பெரிய பகுதி எது? இங்கே பேனாவும் மையும். அதன் மிச்சம் 285. காம்போவின் மிச்சம் இதைத் தாண்ட வேண்டும். அடக்கம் 480, பெட்டியும் கூரியரும் 85, தேவையான மிச்சம் 285, கூட்டினால் 850. பணக் கட்டணத்துக்காக 0.98ஆல் வகுத்தால் 867 சொச்சம். இதற்குக் கீழே போகவே கூடாது.

890 வைத்தால் மிச்சம் 307.20. பேனா மட்டும் வாங்குகிறவர் நகர்ந்தால் 177.20 கூடுதல், பேனா-மை வாங்குகிறவர் நகர்ந்தால் 22.20 கூடுதல். மூன்றையும் முழு விலைக்கு வாங்கிய 4 பேரிடம் 366க்குப் பதில் 307.20, அதில் போவது 235.20. பேனா மட்டும் வாங்குகிற 70 பேரில் 2 பேர் நகர்ந்தால் அது ஈடாகிறது. தள்ளுபடி 60 என்பது சிறியதாகத் தோன்றலாம். ஆனால் பொருத்தமான மையைத் தேடித் தேர்ந்தெடுக்கும் வேலை மிச்சமாவதற்கே காம்போ வாங்குகிறவர்கள் உண்டு.

இன்னும் ஒரு வழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த வழி. 220 கிராம் நோட்டுக்குப் பதில் 100 கிராம் எடையுள்ள மெல்லிய நோட்டு ஒன்று காம்போவில் வைத்தால் மொத்தம் 430 கிராம். கூரியர் 50க்குத் திரும்பிவிடுகிறது. மிஞ்சும் 25ஐ விலையில் குறைக்கலாம், நாமே வைத்துக்கொள்ளலாம். காம்போவை எடைத் தராசின் பக்கத்தில் உட்கார்ந்து வடிவமைக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

## 9. தளத்தில் ஏற்றும்போது

ஸ்டாக். காம்போவுக்குத் தனி ஸ்டாக் எண்ணிக்கை போடாதீர்கள். காம்போ ஒன்று விற்றால் பேனா, மை, நோட்டு மூன்றின் இருப்பும் ஒவ்வொன்று குறையும்படி இணையுங்கள். இணைக்காவிட்டால் மை தீர்ந்த பிறகும் காம்போ விற்றுக்கொண்டே இருக்கும். உங்கள் தளத்தில் அந்த வசதி இல்லையென்றால், கார்ட்டில் மூன்றும் இருந்தால் 60 தானாகக் கழியும் தள்ளுபடியாக அமையுங்கள். பலன் ஒன்றுதான், ஸ்டாக் சிக்கல் இராது.

கூப்பன். ஏற்கெனவே ஒரு 10% வரவேற்புக் கூப்பன் இருக்கும், அதை மறந்துவிடுவார்கள். 890 காம்போவின் மேல் அது ஏறினால் 801. நாம் போட்ட தரை 867. நேராகத் தரைக்குக் கீழே இறங்கிவிட்டோம். காம்போவுக்கும் அளவுத் தள்ளுபடிக்கும் வேறு கூப்பன் செல்லாது என்று அமைப்பிலேயே பூட்டுங்கள். வெளியிடும் முன் நீங்களே கார்ட்டில் போட்டு, இருக்கிற எல்லாக் கூப்பனையும் ஒவ்வொன்றாக அடித்துப் பாருங்கள்.

திருப்பி அனுப்புதல். நான்கு நோட்டு 720க்கு வாங்கி ஒன்றைத் திருப்பி அனுப்புகிறார். 180 திருப்பிக் கொடுத்தால், மூன்று நோட்டை அவர் தள்ளுபடி விலைக்கே வைத்துக்கொண்டதாகிறது. மூன்றின் முழு விலை 600 என்று கணக்கிட்டால் திருப்பித் தர வேண்டியது 120. எந்த முறை என்பதை ஆஃபரை வெளியிடும் முன்பே முடிவு செய்து, பொருள் பக்கத்தில் ஒரு வரியாக எழுதுங்கள். பிறகு சொன்னால் சண்டைதான் வரும். பொருள் பழுதாக வந்திருந்தால் இந்தக் கழிவைப் போடாதீர்கள், அது அவர் தவறல்ல. நீங்கள் இருக்கும் இடத்தின் நுகர்வோர் சட்டம் எதை அனுமதிக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள்.

வரி. காம்போவில் இருக்கும் பொருட்களுக்கு வெவ்வேறு வரி விகிதம் என்றால், ஒரே பொருளாகப் பில் போடுவதா தனித்தனியாகப் போடுவதா என்று கணக்காளரிடம் கேட்டுவிட்டு ஏற்றுங்கள். சில இடங்களில் இதனால் மொத்தத்துக்கும் உயர்ந்த விகிதம் விழலாம், தரை விலையே மாறிவிடும்.

## 10. ஓடவிட்டு அளப்பது

சராசரி ஆர்டர் மதிப்பு இங்கேயும் ஏமாற்றும். காம்போவைப் பெரிதாக முன்னால் வைத்து ஒற்றைப் பொருளைக் கீழே தள்ளினால், சின்னதாக வாங்க வந்தவர்கள் சிலர் வாங்காமலே போய்விடுவார்கள். சின்ன ஆர்டர்கள் பட்டியலிலிருந்து மறைந்ததால் சராசரி தானாக ஏறும். கடை தேய்ந்துகொண்டிருக்கும்போது எண் வளர்ந்துகொண்டிருக்கும்.

அதனால் ஓர் ஆர்டருக்கு என்று பார்க்காமல், தளத்துக்கு வந்த ஒருவருக்கு எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். மொத்த மிச்சத்தை வந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் போதும். வாங்காமல் போனவர்களும் அந்தக் கணக்கில் வந்துவிடுவார்கள்.

வருகை அதிகமுள்ள கடையாக இருந்தால், வந்தவர்களில் பாதிப் பேருக்கு ஆஃபரைக் காட்டியும் பாதிப் பேருக்குக் காட்டாமலும் ஒரே நேரத்தில் ஓட்டுங்கள். சிறிய கடைக்கு அது ஒத்துவராது. ஆஃபருக்கு முந்தைய நான்கு முழு வாரங்களை ஆஃபரின் நான்கு முழு வாரங்களோடு ஒப்பிடுங்கள். முழு வாரம் என்று சொல்வதற்குக் காரணம், வார இறுதியில் வாங்குகிறவர்கள் வேறு மாதிரி வாங்குவார்கள். அந்த நாட்களில் விளம்பரச் செலவையோ விலையையோ மாற்றாதீர்கள். மாற்றினால் எது எதனால் நடந்தது என்று பிரிக்க முடியாது.

அப்புறம் மூன்றாவது படியில் எண்ணிய அதே 1, 2, 3, 4 எண்ணிக்கையை மறுபடி எண்ணுங்கள். நான்கு நோட்டு வாங்குகிறவர்கள் 5லிருந்து 12 ஆகியிருந்தால், அந்த 7 பேர் எங்கிருந்து வந்தார்கள்? இரண்டு வாங்குகிறவர்கள் குறைந்திருந்தால் நல்லது. மூன்று வாங்குகிற 9 பேர் மட்டும் 2 ஆகியிருந்தால், ஒருவருக்கு 27.60 வீதம் 193 தான் வந்திருக்கும், சும்மா போன 392ஐ அது ஈடுகட்டாது. நான்காக விற்ற எண்ணிக்கை ஏறியும் மொத்த மிச்சம் இறங்கும் நிலை இது.

தீர்ந்துபோகும் பொருளென்றால் இதோடு நிறுத்தாதீர்கள். ஆஃபரில் வாங்கியவர்களையும் அதற்கு முந்தைய மாதம் வாங்கியவர்களையும் தனித்தனிக் குழுவாகக் குறித்து வைத்து, 90 நாள் முடிந்ததும் தலைக்கு மொத்த மிச்சத்தை ஒப்பிடுங்கள். ஐந்தாவது படியில் சொன்ன பள்ளம் இதில்தான் தெரியும்.

கூரியர் கட்டணமோ அடக்க விலையோ மாறிய அன்றே காம்போவின் தரை விலையைத் திரும்பக் கணக்கிடுங்கள். நம் உதாரணத்தில் பேனாவின் அடக்கம் 20 ஏறினால் காம்போவின் மிச்சமும் பேனா-மையின் மிச்சமும் ஒன்றுபோல 20 இறங்கும்; தரை அப்படியே நிற்கும். நோட்டின் அடக்கம் 25 ஏறினால் கதை வேறு. காம்போவின் மிச்சம் மட்டும் 282.20க்கு இறங்கி, பேனா-மையின் 285க்குக் கீழே போய்விடும். 890 என்ற விலையை அன்றைக்கே மாற்ற வேண்டும்.